செவிக்கு வழிகாட்டல்

நூலைக் கற்பான் ஐயுற்றவழி ஏட்டைப் பின்னே புரட்டிக்கொள்வான். சொற்பொழிவைக் கேட்பானுக்கோ அவ்வசதி இல்லை. ஆதலின், பேசப்படும் பொருளின் பகுதிகளை முன்னர்த் தொகுத்துரைத்தலும், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கடந்து வந்ததை நினைவூட்டலும் பேசுவான் மேற் கடனாகின்றன. நன்னூலார் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் என்பன இருத்தலை நம் மாணவர் அறிவர். தேர்வுக்கென மனப்பாடஞ் செய்யும் நாம் அவற்றை மேடையில் மறந்துவிடுகின்றோம்!

யாம் ஒருகால் வீரமாமுனிவரின் தமிழ்ப் பணியைக் குறித்து இருபது நிமிடம் பேசினோம். "முனிவர் எழுத்தைத் திருத்தினார், அகராதி வகுத்தார், காப்பியம் பாடினார். இம் மூன்றையும் இவ்வரிசையிற் காண்போம்" என்று தொடங்கினோம். தொடக்கம் செவ்விதே. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேற்றுமையை முனிவர் வரிவடிவில் தெளிவாக்கியதைக் கூறி முடித்து, 1732-இல் இயற்றப்பெற்ற சதுரகராதிக்கு வந்தோம். வந்தவிடத்து இரு பிழை நேர்ந்தன.

முன்னர் 'அகராதி' என்றதை ஈண்டுச் 'சொற்களஞ்சியம்' என்றோம். எழுத்தில் அழகாகும் இச் சொன்மாற்றம், இது வேறு நூல்போலும் என்று கேட்டாரை மயக்கிற்று. அதனினும் பெரும்பிழை எண்ணால் விளைந்தது. அந்நூலின் நான்கு பகுதிகளை, "முதலாவது பெயர், இரண்டாவது பொருள், மூன்றாவது தொகை, நான்காவது தொடை" என்று எண்ணிச் சென்றோம். பின்னர், "மூன்றாவதாகத் தேம்பாவணி" என்றபோது அவையினர் ஒருவரையொருவர் நோக்கினர். மூன்றாவதும் நான்காவதும் அவர் செவியில் முன்னமே கடந்துவிட்டன அல்லவோ? பேச்சு முடிந்தபின், கேட்ட தலைப்புகளை எழுதித் தருமாறு நண்பர் ஒருவரை வேண்டினோம். அவர் தாளில் ஐந்து இருந்தன. 'தொகை' என்பதும் ஒரு தனித் தலைப்பாய் நின்றது.

பிறிதொரு முறை அதே பொருளைப் பேசியபோது, தலைப்புகளுக்கு மட்டுமே எண் கொடுத்தோம். உட்பிரிவுகளை, "பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதி உடையது" என ஒரே மூச்சிற் சொல்லி, அவற்றுள் ஒன்றனை மட்டும் விரித்தோம். பகுதி மாறுமிடத்துச் சிறிது நிறுத்தி, "எழுத்தைத் திருத்தியது கண்டோம், அகராதி வகுத்ததும் கண்டோம், இனி எஞ்சியது காப்பியம்" என்று தொடக்கத்துச் சொற்களையே மீட்டும் கூறினோம். இடையிற் கவனம் சிதறினாரும் இவ்விடத்து வந்து சேர்ந்துகொள்ளலாம். இம்முறை நண்பரின் தாளில் மூன்றே இருந்தன.

எனினும் இதற்கும் எல்லை உண்டு. மூன்று நிமிட வாழ்த்துரைக்கு முன்னுரைத்தல் மிகை. கதை சொல்வான் முடிவை முன்னரே வெளியிடின் கதை கெடும். அவன் இடத்தையும் காலத்தையும் மட்டும் அறிவித்தல் அமையும். ஏழு எட்டுத் தலைப்புகளை முன்னரே அடுக்குதலும் பயனின்று. அவை நான்காவதை எட்டுமுன் முதலாவதை மறந்துவிடும். அத்தகைய பொருளை மூன்று தொகுதியாக்கிக்கொண்டே மேடை ஏறுதல் வேண்டும்.