2143 ஏன் 2000 ஆகிறது?

கேள்வி: பொம்மசந்திராவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். தினமும் எஃப்.டி.ஐ.ஆர். கருவியோடுதான் பொழுது போகிறது. நெட் தேர்வுக்கும் படிக்கிறேன். கார்பன் மோனாக்சைடு உலோகத்துக்குத் தன் எலக்ட்ரான் இணையைக் கொடுத்துப் பிணைகிறது என்கிறது புத்தகம். அதே வாயு போரானுக்குக் கொடுத்து H3BCO ஆகும்போது நீட்சி அலைவு 2143-லிருந்து 2165-க்கு ஏறுகிறது. குரோமியத்துக்குக் கொடுத்து Cr(CO)6 ஆகும்போது மட்டும் 2000-க்கு இறங்குகிறது. 'பின்பிணைப்பு' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நடக்கிறது என்பதற்கு என்ன சாட்சி? ஆறு CO இருக்க, ஒரே ஒரு உச்சி மட்டும் ஏன் தெரிகிறது? இன்னொரு சந்தேகம்: கேஸ் கீசர் வைத்த குளியலறையில் மயங்கி விழுகிறார்களே, இரத்தத்தில் அந்த வாயு ஒட்டிக்கொள்வதும் இதே பிணைப்பால்தானா?

— ஒரு வாசகி, சந்தாபுரா

பதில்: கொடுப்பது மட்டும் நடந்தால் எண் இறங்கக் கூடாது என்று நீங்கள் நினைத்தது சரி. H3BCO-வே அதற்கு அத்தாட்சி. போரானிடம் திருப்பிக் கொடுக்கத் தனி எலக்ட்ரான் எதுவும் இல்லை. குரோமியத்திடம் ஆறு இருக்கின்றன. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

கார்பன் முனையில் இருக்கும் தனி இணை, உலோகத்தின் காலி ஆர்பிட்டாலை நேருக்கு நேர் பார்த்து நுழைகிறது. இது சிக்மா பிணைப்பு. குரோமியத்தின் ஆறு எலக்ட்ரான்களோ, CO-க்கள் வந்து நிற்கும் திசைகளுக்கு இடையில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று d ஆர்பிட்டால்களில் இருக்கின்றன. அவை தனி இணையை நேராகச் சந்திப்பதில்லை. ஆனால் CO-வின் காலியான பை எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலின் மடல்களோடு பக்கவாட்டில் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன. அந்தக் காலி ஆர்பிட்டாலின் பெரிய மடல்கள் கார்பன் பக்கத்தில் இருப்பதும் வசதியாகப் போகிறது. பிணைப்பு ஆர்பிட்டாலில் ஆக்சிஜன் பெரும்பங்கை எடுத்துக்கொண்டதால், எதிர்ப்பிணைப்பில் கார்பனுக்கு மிஞ்சியது அது. உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஓரளவு இந்தக் காலி இடத்துக்குள் பரவுகின்றன. உலோகத்துக்கும் கார்பனுக்கும் நடுவே அந்தப் பரவல் பிணைப்பை வலுவாக்குகிறது. கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே அதே பரவல் பிணைப்பைத் தளர்த்துகிறது, ஏனென்றால் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்கு அங்கே ஒரு கணு இருக்கிறது. ஒரே எலக்ட்ரான் ஓரிடத்தில் கட்டுகிறது, அடுத்த இடத்தில் அவிழ்க்கிறது.

எவ்வளவு அவிழ்கிறது? பிணைப்பின் விசை மாறிலி, அலை எண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 2000-ஐ 2143-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.87 வருகிறது. அதாவது விசை மாறிலி ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்திருக்கிறது. பிணைப்பின் நீளத்தை அளந்து இதைப் பிடிக்கப் பார்த்தால் ஏமாற்றம்தான்: தனி வாயுவில் 1.128 ஆங்ஸ்ட்ராம், Cr(CO)6-ல் 1.14-க்குப் பக்கம். எக்ஸ் கதிர் ஆய்வில் அது அளவீட்டுப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடலாம். அகச்சிவப்பில் 143 செ.மீ⁻¹ வித்தியாசத்தைப் பார்க்கத் தவறவே முடியாது. கார்பனைல் வேதியியலர்கள் நீளத்தை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

சாட்சி கேட்டீர்கள். எண்முகி வடிவில், ஆறு CO-வோடு, ஆறு d எலக்ட்ரான்களோடு இருக்கும் ஐந்து அணைவுகளை வரிசையில் நிறுத்துங்கள். [Ti(CO)6]²⁻ 1748, [V(CO)6]⁻ 1860, Cr(CO)6 2000, [Mn(CO)6]⁺ 2090, [Fe(CO)6]²⁺ 2204. எலக்ட்ரான் எண்ணிக்கை மாறவில்லை, வடிவமும் மாறவில்லை. ஒவ்வொரு படியிலும் உலோகத்தின் அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடுகிறது, அவ்வளவுதான். டைட்டானியத்தின் 22 புரோட்டான்களால் அந்த எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்து வைக்க முடியவில்லை. அதனால் அவை CO பக்கம் தாராளமாக வழிகின்றன; மேலே செய்த கணக்கையே போட்டால் விசை மாறிலி மூன்றில் ஒரு பங்கு சரிந்திருக்கிறது. இரும்பின் 26 புரோட்டான்கள் அதே ஆறையும் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன.

இந்த வரிசையின் கடைசி எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. 2204 என்பது தனி வாயுவின் 2143-ஐவிட அதிகம். பின்பிணைப்பு குறையக் குறைய எண் 2143-ஐ நெருங்கி நின்றுவிட வேண்டாமா, அதைத் தாண்டுவானேன்? உங்கள் H3BCO கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பின் எலக்ட்ரான்கள் இயல்பிலேயே ஆக்சிஜன் பக்கம் சாய்ந்தவை. கார்பன் முனைக்கு அருகில் நேர்மின்சுமை வந்தால் அந்தச் சாய்வு குறைகிறது, பகிர்வு சமமாகிறது, பிணைப்பு இறுகுகிறது. தனி இணையே லேசான எதிர்ப்பிணைப்புக் குணம் உடையது, அதைக் கொடுத்துவிடுவதால்தான் எண் ஏறுகிறது என்பது பழைய பாடநூல் விளக்கம். 1990-களில் வந்த கணக்கீடுகள் மின்சுமையின் பங்கையே பெரிதாகக் காட்டின. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

அப்படியானால் ஐந்து எண்களின் முழு இறக்கத்தையும் பின்பிணைப்பின் கணக்கில் எழுதக் கூடாது; அதில் மின்சுமைக்கும் பங்கு உண்டு. மின்சுமை மாறாத ஒரு சாட்சியும் வேண்டும். அதை 1970-களில் டோல்மன் என்ற அமெரிக்க வேதியியலர் தந்தார். நிக்கலில் மூன்று CO-வை அப்படியே விட்டு, நான்காவது இடத்தில் வெவ்வேறு பாஸ்பீன்களைப் பொருத்தினார். எல்லாமே மின்சுமை இல்லாத மூலக்கூறுகள். மூன்று மூவிணைய பியூட்டைல் தொகுதிகள் கொண்ட பாஸ்பீன், எலக்ட்ரானை அள்ளிக் கொடுப்பது. அது இருந்தபோது CO அலைவு 2056. PF3 வந்தபோது 2111. PF3 தானே நிக்கலிடமிருந்து எலக்ட்ரானை வாங்குகிறது, CO-வுக்குப் போட்டியாக நிற்கிறது. CO-வைத் தொடவே இல்லை, அடுத்த இடத்தில் இருப்பவரை மட்டும் மாற்றினார். எண் 55 நகர்ந்தது. உலோகத்தின் எலக்ட்ரான் வளம் CO-வுக்குள் பாய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் பார்த்ததில்லை.

இனி ஒற்றை உச்சிக்கு வருவோம். ஆறு CO-க்களும் ஒன்றோடொன்று பிணைந்து அதிரும்போது மூன்று விதமான அதிர்வுகள் உருவாகின்றன. ஆறும் ஒரே மூச்சில் நீளும் அதிர்வில் இருமுனைத் திருப்புத்திறன் மாறுவதில்லை. எதிரெதிர் CO-க்களின் மாற்றங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இரண்டாவது வகைக்கும் அதே கதி. எதிரெதிர் CO-க்களில் ஒன்று நீள மற்றது சுருங்கும் மூன்றாவது வகை மட்டுமே அகச்சிவப்பை உறிஞ்சுகிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் 2000. மற்ற இரண்டும் ராமன் நிறமாலையில் தெரியும், 2119-லும் 2027-லும். 1933-ல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருவுக்கு வந்த திருச்சிக்காரர் சி.வி. ராமன் கண்டுபிடித்த அதே விளைவுதான். மூன்று வகைகளையும் அவற்றின் எண்ணிக்கைப்படி (1, 2, 3) சேர்த்துச் சராசரி எடுத்தால் 2029 வருகிறது. அதாவது CO ஒன்றின் நேர்மையான இறக்கம் 143 அல்ல, 114 அளவுதான். மீதி, CO-க்கள் ஒன்றோடொன்று பிணைந்து அதிர்வதால் வருவது. மேலே சொன்ன 13 சதவீதத்தையும் அந்த எச்சரிக்கையோடு படியுங்கள். ஐந்து அணைவுகளின் வரிசை மட்டும் இதனால் கெடவில்லை, ஏனென்றால் ஐந்திலும் ஒரே வகை அதிர்வைத்தான் ஒப்பிட்டோம்.

தேர்வில் மாட்டிவிடும் இடமும் இதுவே. இறங்கிய எண்ணைப் பார்த்தவுடன் 'பின்பிணைப்பு அதிகம்' என்று எழுதிவிடுவார்கள். Fe2(CO)9-ல் 2080-ஐ ஒட்டியும் 2020-ஐ ஒட்டியும் உச்சிகள் உண்டு, 1830-ஐ ஒட்டி இன்னொன்றும் உண்டு. கடைசியானது எலக்ட்ரான் வளமான ஒரு இரும்பைக் காட்டவில்லை. இரண்டு இரும்புகளுக்கு நடுவே பாலமாக நிற்கும் CO அது. மின்சுமை இல்லாத சேர்மத்தில் 1850-க்குக் கீழே உச்சி தெரிந்தால் முதலில் பாலத்தைச் சந்தேகியுங்கள். ஹெக்சேனில் எடுத்த எண்ணை டைகுளோரோமீத்தேனில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். கரைப்பான் மாறினாலே உச்சி அகன்று இடம் நகரும். உங்களைப் போல மருந்து மாதிரிகளோடு பழகியவர்களுக்கு இன்னொரு சறுக்கல் உண்டு. 1748 என்றதும் எஸ்டர் என்று கை எழுதிவிடும். டைட்டானியத்தின் 1748-ல் எஸ்டர் எதுவும் இல்லை, தளர்ந்துபோன CO-தான் இருக்கிறது.

கீசர் கேள்விக்கு: ஆமாம், இதே பிணைப்புதான். ஹீமோகுளோபினின் இரும்பு Fe²⁺ நிலையில், d எலக்ட்ரான்கள் ஆறோடு இருக்கிறது. அதோடு சேர்ந்த CO-வின் நீட்சி 1951-ல் தெரிகிறது. [Fe(CO)6]²⁺-ல் அதே இரும்பு 2204 காட்டியதை நினைத்துப் பாருங்கள். இங்கே இரும்பைச் சுற்றி போர்ஃபிரின் வளையமும், அச்சில் ஹிஸ்டிடின் நைட்ரஜனும் நின்று எலக்ட்ரானை ஊட்டுகின்றன. அதனால் திருப்பிக் கொடுக்க இரும்புக்கு முடிகிறது. இரும்பு Fe³⁺ ஆகிவிட்டால், அதாவது மெத்ஹீமோகுளோபின் ஆகிவிட்டால், CO அதில் பிணைவதில்லை. கொடுக்க எலக்ட்ரான் குறைந்துவிட்டது, பிணைப்பும் போய்விட்டது. Fe²⁺ நிலையில் CO-வுக்கு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பற்று இருப்பதால், காற்றில் கொஞ்சம் இருந்தாலே இரத்தத்தில் நிறைய இடம் பிடித்துவிடும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. மூக்கை நம்பிப் பயனில்லை. உங்கள் குடியிருப்பில் கீசரின் பர்னர் குளியலறைக்குள் இருந்தால் அதை வெளிச்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றும் வரை ஜன்னலை அடைத்துக்கொண்டு யாரும் குளிக்க வேண்டாம்.