என் அரியர் எதற்குச் சாட்சி?

"ஆய்வேட்டில் சொந்தக் கதை எதற்கு?" என்று வைவாவில் கேட்டார் புறத்தேர்வாளர். கேட்ட கையோடு, "நானும் தமிழ் மீடியம்தான். ஒரு அரியர்கூட வைத்ததில்லை" என்றார். அது யாருடைய கதையாம்? அன்று கேட்கவில்லை, இங்கே கேட்கிறேன்.

தமிழ் மீடியத்திலிருந்து பொறியியலுக்கு வந்தவர்கள் முதலாண்டுக் கணிதத்தில் அதிகம் தோற்கிறார்கள் என்பது என் வாதம். அந்த வரிக்குக் கீழேயே என் அரியரை எழுதியிருந்தேன். ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பியது அதனால்தான். 'அதிகம்' என்றாலே எண்ணிக்கை. பிளஸ் டூ கணக்கில் அதே அளவு மதிப்பெண் வாங்கிய ஆங்கில மீடியம் மாணவர்களோடு ஒப்பிட்டால்தான் அது நிற்கும். ஒருவன் தோற்ற கதை அதற்குப் போதாது. புறத்தேர்வாளர் தேறிய கதையும் அதைக் கவிழ்க்காது. 'ஒருவர்கூடத் தேறமாட்டார்' என்று எழுதியிருந்தால் மட்டும் அவர் ஒருவரே போதும், என்னை வீழ்த்த.

கைடு, "கதையை எடுத்துவிடு, பாஸ் ஆகிவிடும்" என்றார். நான் எடுக்கவில்லை, இடம் மாற்றினேன். நான் தோற்ற அந்தத் தேர்வில் சமன்பாடாகக் கொடுத்த கணக்குகளைப் போட்டேன். பத்தியாகக் கொடுத்தவற்றை வெறுமனே விட்டேன். தோல்வி எந்த வழியில் வருகிறது என்பதற்கு இது ஒரு தடயம். தடை மொழிதான் என்றால், இரு தரப்புக்கும் உள்ள இடைவெளி பத்திக் கணக்குகளில்தான் பெரிதாகத் தெரிய வேண்டும். இரண்டு வகையிலும் ஒரே அளவு இருந்தால் குறை கணித அடிப்படையில். அப்போது என் கதை தோற்றது என்று அர்த்தம். மதிப்பெண்களைக் கேள்விவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பத்திக் கணக்கில் இடைவெளி பெரிதாக இருந்தது. சமன்பாட்டிலும் கொஞ்சம் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினேன்.

கண்ட கதையைக் கேள்வியின் தொடக்கமாக வைப்பதற்கு மருத்துவத்தில் மதிப்பான முன்மாதிரி உண்டு. 1961இல் ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மெக்பிரைட், தாலிடோமைடு சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளிடம் கண்ட உறுப்புக் குறைபாடுகளைப் பற்றி 'லான்செட்' இதழுக்குச் சிறு கடிதம் எழுதினார். வேறு மருத்துவர்களும் இப்படிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டுத்தான் அதை முடித்தார். தான் பார்த்ததைத் தீர்ப்பாக்காமல் கேள்வியாக்கினார்.

ஆய்வு செய்பவர்களுக்கு இன்னொன்று. நேர்காணலுக்கு வகுப்பறையிலிருந்து ஆள் பிடிக்காதீர்கள். படிப்பை விட்டுப் போனவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். அங்கே கிடைப்பதெல்லாம் தாக்குப்பிடித்தவர்களின் கதைகள்தான். புறத்தேர்வாளரின் கதையும் அந்த வகைதான். படிப்பை விட்டவர் புறத்தேர்வாளராக வந்து உட்கார முடியாதே! பழைய சேர்க்கைப் பதிவேட்டை வாங்கி, விட்டுப்போனவர்களைத் தேடிப் போங்கள். அலைச்சல்தான்.

உங்கள் கைடும் கதையை எடுக்கத்தான் சொல்வார். முடிவுகள் இயலிலிருந்து எடுத்துவிடுங்கள். கருதுகோள் பிறக்கும் இயலில், எந்தத் தரவு வந்தால் அது பொய்யாகும் என்பதையும் சேர்த்து எழுதி, அங்கே வையுங்கள்.