24 தாள்களில் துள்ளும் பந்து
பிள்ளைகள் தாமே செய்யும் முதல் அசைபடம்



கடந்த கோடை விடுமுறையில் நமது கூடத்தில் பிள்ளைகளுக்கு நடத்திய கைவேலை வகுப்புகளில், "இதை வீட்டிலும் செய்ய வேண்டும், எப்படி என்று எழுதித் தாருங்கள்" என்று தாய்மார்கள் அதிகம் கேட்டது புரட்டுப் புத்தகத்தைத்தான். விளிம்பைக் கட்டை விரலால் விட்டுவிட்டால் படம் ஓடும் சிறிய தாள்கட்டு அது. அதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ஜான் பார்ன்ஸ் லின்னட் என்பவர் 1868ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதே தாள்களை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் படம்பிடித்தால் சிறிய அசைபடம் கிடைத்துவிடும். வகுப்பில் நாங்கள் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறோம். வேலையின் சூட்சுமம் அந்தத் தவறுகளில்தான் எங்களுக்குப் பிடிபட்டது.

முதல் படத்துக்குப் பந்து போதும். ஓடும் பூனை, பறக்கும் குருவி என்று தொடங்கும் பிள்ளை மூன்றாம் தாளிலேயே களைத்துவிடும். உருவம் வரைவது பற்றி ஒரு சில பெற்றோர் தயங்கினார்கள். பந்துக்கு அந்தத் தயக்கமும் தேவையில்லை.

சாதாரண ஏ4 தாள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை பாதியாக மடித்து, மடிப்பின் வழியே வெட்டினால் எட்டுத் துண்டு, மொத்தம் 24. ஒரு துண்டு ஏறத்தாழ 105 மில்லிமீட்டர் அகலம், 74 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். கையால் கிழிக்க வேண்டாம். பிசிறு விளிம்புள்ள தாள்கள் புரட்டும்போது நான்கைந்தாகச் சேர்ந்து விழும். பெரியவர் ஒருவர் அளவுகோல் வைத்து வெட்டிக்கொடுத்தால் நல்லது. தடித்த அட்டையும் வேண்டாம். அடியில் வைக்கும் புள்ளி மேலே தெரிகிற தாள்தான் நமக்குத் தேவை.

இனிப் பந்தை எங்கெங்கே வரைவது? முதல் நாள் நாங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் பந்தைச் சமமான இடைவெளியில் கீழே இறக்கினார்கள். புரட்டிப் பார்த்தால் பந்து விழவில்லை. யாரோ கயிறு கட்டிக் கிணற்றில் வாளி இறக்குவதுபோல் இருந்தது. விழும் பொருள் போகப்போக வேகமெடுக்கும். முதல் இடைவெளியில் ஒரு பங்கு தூரம் விழுந்தால், அடுத்த அதே நேரத்தில் மூன்று பங்கு, பிறகு ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை எண்களாகக் கூடிக்கொண்டே போகும். மேலே எழும்போது இதே கணக்கு தலைகீழாக வரும். பள்ளியில் மேல் வகுப்புப் பிள்ளைகள் சூத்திரமாகப் படிப்பது இதைத்தான்.

24 தாளுக்கு இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறோம். தாளின் கீழ் விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் மேலே ஒரு தரைக்கோடு. பந்தின் அடிப்பகுதி அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கணக்கு. முதல் எட்டுத் தாள்களில் பந்து விழுகிறது: 49, 48, 45, 40, 33, 24, 13, 0. அடுத்த பத்துத் தாள்களில் எழுந்து மீண்டும் விழுகிறது: 9, 16, 21, 24, 25, 24, 21, 16, 9, 0. கடைசி ஆறு தாள்களில் சிறிய துள்ளல்: 5, 8, 9, 8, 5, 0. முதல் துள்ளல் விழுந்த உயரத்தில் ஏறக்குறைய பாதி. டென்னிஸ் பந்து கெட்டியான தரையில் கிட்டத்தட்ட அப்படித்தான் எழும்.

இதைத் தாளுக்குத் தாள் அளந்துகொண்டிருந்தால் பிள்ளைக்கு வெறுத்துவிடும். ஆகவே அதே அளவில் இன்னொரு துண்டை வழிகாட்டித் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் தரைக்கோட்டையும் 24 புள்ளிகளையும் கறுப்பு மையால் நன்றாக அழுத்திக் குறியுங்கள். முதல் புள்ளி இடது விளிம்பிலிருந்து 45 மில்லிமீட்டரில். அடுத்தடுத்த புள்ளி 2 மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்து வரட்டும். அப்போது பந்து நின்ற இடத்திலேயே குதிக்காமல், வளைந்து வளைந்து முன்னே போகும். ஐந்து புள்ளிக்கு ஒருமுறை எண் எழுதிவிட்டால் எண்ணிக்கை தவறாது.

வழிகாட்டியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, தரைக்கோட்டை இழுத்து, புள்ளியின் மேல் வட்டத்தின் அடி பொருந்துமாறு பேனா மூடியின் வாயை வைத்துச் சுற்றி வரைய வேண்டும். 24 தாளுக்கும் ஒரே மூடிதான். எட்டாம் தாளிலும் பதினெட்டாம் தாளிலும் மட்டும், பந்து தரையில் அடிபடும் கணம் என்பதால், மூடியை விட்டுவிட்டுக் கையால் சற்றே தட்டையாக, அகலமாக வரையச் சொல்லுங்கள். இந்த இரண்டு தாளில்தான் பந்து ரப்பராகிறது. இல்லையென்றால் கோலிக்குண்டாகத் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஒவ்வொரு தாளையும் வழிகாட்டியின் இடது விளிம்போடும் கீழ் விளிம்போடும் ஒட்டிப் பொருத்திய பிறகே வரைய வேண்டும். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் துண்டுகள் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் பெரிது சிறிதாகத்தான் இருக்கும். ஒரு தாளை இடது விளிம்புக்கும் இன்னொன்றை வலது விளிம்புக்கும் பொருத்தினால், அந்த வித்தியாசம் முழுவதும் படத்தில் நடுக்கமாக வந்துவிடும். இடதுகீழ் மூலை ஒன்றையே நம்பினால் வெட்டில் உள்ள பிழை வெளியே தெரியாது. தாளின் எண்ணையும் அந்த மூலையிலேயே பென்சிலால் சிறிதாக எழுதிவிடுங்கள்.

அடுக்கும்போது 1ஆம் தாள் அடியில், 24ஆம் தாள் மேலே. புரட்டுவதற்காக வலது விளிம்பை மேல்நோக்கி வளைத்து விடும்போது அடியிலுள்ள தாள்தான் முதலில் விழும் என்பதால் இந்த வரிசை. இடப்பக்கம் ஒரு கறுப்புக் கிளிப் போட்டால் புத்தகம் தயார்.

வகுப்பில் இதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. படம்பிடிக்கும்போதுதான் சிக்கல். கிளிப் போட்ட புத்தகத்தை அப்படியே மேசையில் வைத்து, பக்கம் பக்கமாகத் திருப்பி எடுத்தோம். திரையில் பந்து துள்ளியது. தரையும் சேர்ந்து துள்ளியது. கட்டிய தாள்கள் புடைத்து எழும்புவதால் ஒவ்வொரு படத்திலும் தாளின் உயரமும் சாய்வும் மாறிவிடுகின்றன. கையில் புரட்டும்போது நம் கண் இதைப் பொறுத்துக்கொள்கிறது. அசையாத சட்டத்துக்குள் பார்க்கும்போது பொறுப்பதில்லை.

ஆகவே கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். மேசையில் இரண்டு அளவுகோல்களை "ட" எழுத்தைப்போல், ஒன்று இடப்பக்கம் நின்றும் ஒன்று கீழே படுத்தும் இருக்க டேப்பால் ஒட்டுங்கள். வரையும்போது பொருத்திய அதே இடதுகீழ் மூலையை இந்த மூலைக்குள் தள்ளி வைத்து, ஒவ்வொரு தாளாக எடுக்க வேண்டும். ஒரு தாளை எடுத்துவிட்டு அடுத்ததை வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போக வேண்டாம்.

கைப்பேசிக்குத் தாங்கி வாங்க வேண்டியதில்லை. ஒரு சாண் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, கேமரா உள்ள முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு படுக்க வைத்து, மறுமுனையில் கனமான புத்தகம் ஒன்றை வைத்தால் போதும். திரையில் தாளுடன் அளவுகோலின் ஓரமும் சிறிது தெரியட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தாளின்மேல் கூர்மையும் வெளிச்சமும் சரியான பிறகு திரையில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால், பல கைப்பேசிகளில் இரண்டும் பூட்டிக்கொள்ளும். இல்லையென்றால் கைப்பேசி ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக வெளிச்சம் கணக்கிட்டு, படம் மினுக்கும்.

வெளிச்சத்திலும் நாங்கள் ஏமாந்தோம். அஸர் தொழுதுவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கத் தொடங்கினோம். பிள்ளைகள் முறைவைத்து எடுத்து முடிக்கும்போது மஃரிப் நெருங்கிவிட்டது. மூன்று விநாடிப் படத்துக்குள் வெள்ளைத்தாள் மஞ்சளாகிக் கறுத்துப்போனது. மறுநாள் ஜன்னலை மூடிவிட்டு, பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கை வைத்து எடுத்தோம்; சரியாக வந்தது. எடுப்பவரின் நிழல் தாளில் விழாத பக்கம் பார்த்து விளக்கை வையுங்கள்.

படங்களைச் சேர்த்து ஓட்ட Stop Motion Studio என்ற செயலியின் இலவச வடிவமே போதும். அதில் வேகத்தை விநாடிக்கு 12 படம் என்று வையுங்கள். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடினாலும், கையால் வரையும் கார்ட்டூன்களில் ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்துவது பழைய வழக்கம். நமது 12 அதற்குச் சமம். அந்த வேகத்தில் 24 தாளும் சரியாக 2 விநாடியில் ஓடிவிடும். பார்ப்பவர் கண் நிலைகொள்வதற்குள் படம் முடிந்துவிடும் என்பதால், முதல் தாளை மட்டும் ஆறு முறையும் கடைசித் தாளைப் பன்னிரண்டு முறையும் எடுங்கள். மொத்தம் 40 படம். பந்து அரை விநாடி மேலே நின்று, துள்ளி, ஒரு விநாடி ஓய்ந்து கிடக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஏதோ குதிக்கிறது என்றால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அளவுகோலின் ஓரத்தைப் பாருங்கள். அளவுகோல் அசையாமல் தரைக்கோடு மட்டும் ஒரு கணம் தாவித் திரும்பினால் அந்த ஒரு தாள் மூலையில் சரியாக உட்காரவில்லை. அதை மட்டும் மீண்டும் எடுத்தால் போதும். அளவுகோலும் சேர்ந்து நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டால் யாரோ கைப்பேசியைத் தட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். இரண்டும் அசையாமல் பந்து மட்டும் திக்கினால் தாள் வரிசை மாறியிருக்கிறது. எங்கள் வகுப்பில் 11ஐயும் 17ஐயும் இடம் மாற்றி வைத்த ஒரு சிறுவன், "என் பந்துக்கு விக்கல்" என்றான். மூலையில் எழுதிய எண்ணைப் பார்த்து அவனே கண்டுபிடித்துச் சரிசெய்தான்.

எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 24 தாள் அதிகம். அவர்கள் முதல் எட்டுத் தாள்களை மட்டும் வரையட்டும். படம்பிடித்த பிறகு அதே படங்களைச் செயலியில் நகலெடுத்துத் தலைகீழ் வரிசையில் சேர்த்தால், பந்து விழுந்து அதே உயரத்துக்குத் திரும்பி எழும். உண்மையான பந்து அப்படி எழாது. ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

புள்ளியிட்ட வழிகாட்டித் தாளின் நகல்கள் நமது அலுவலகத்தில் இருக்கின்றன. வேண்டுவோர் லுஹருக்குப் பிறகு வந்து பெற்றுக்கொள்ளலாம். நகலெடுக்கும் கடையில் எடுப்பவர்கள் அளவைக் குறைக்காமல் நூற்றுக்கு நூறாக எடுக்கச் சொல்லுங்கள்.