பிரபஞ்சத்தின் முடிவும் ஒரு எடைக்கணக்கும்

கேள்வி: பிரபஞ்சம் ஒருநாள் சுருங்கி நொறுங்குமா, கிழிந்துபோகுமா, குளிர்ந்து ஓயுமா? எதற்குச் சான்று அதிகம்?
– வாசகர், ராயக்கோட்டை

குளிர்ந்து ஓய்வதற்குத்தான். இதைக் கண்டுபிடித்த வழி சென்னை மாநிலக் கல்லூரி வழியாகப் போகிறது என்பதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

அங்கே படித்த 19 வயது சந்திரசேகர், 1930-ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிக் கிடக்கும் வெண்குள்ளன் விண்மீனின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று அதில் தெரிந்தது. பின்னால் அது சூரியனைப்போல் 1.4 மடங்கு என்று நிலைத்தது. பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்து வெண்குள்ளன் இந்த வரம்பை நெருங்கினால், உள்ளே கார்பன் பற்றிக்கொண்டு மொத்தமும் வெடிக்கும். எல்லாமே 1.4-ஐத் தொட்டுத்தான் வெடிக்கின்றன என்று பலர் எழுதுவது தவறு. இரண்டு வெண்குள்ளன்கள் மோதியும் வெடிக்கலாம், அதனால் வெளிச்சம் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் பிரகாசமானவை மெதுவாக மங்கும், மற்றவை சீக்கிரம் மங்கும். மங்கும் வேகத்தை வைத்து உண்மை வெளிச்சத்தைக் கணித்துவிடலாம்.

அப்புறம் தூரம் சுலபம். ராத்திரி ராயக்கோட்டை ரோட்டில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் மங்கலாகத் தெரிந்தால் வண்டி தள்ளி இருக்கிறது என்போமே, அதே கணக்கு.

1998-ல் இரண்டு குழுக்கள் பார்த்தபோது, தொலைதூர வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. அதாவது, அவை நினைத்ததைவிடத் தள்ளி இருக்கின்றன, பிரபஞ்ச விரிவின் வேகம் கூடுகிறது. நடுவில் தூசி மறைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். தூசி என்றால் ஒளி சிவந்திருக்க வேண்டும், போகப்போக இன்னும் மங்க வேண்டும். அதைவிடத் தொலைவில் பார்த்தால் அப்படி மங்கவில்லை. அந்தப் பழைய காலத்தில் விரிவு வேகம் குறைந்துகொண்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

வேகத்தைக் கூட்டுவது இருள் ஆற்றல். அது மாறாமல் இருந்தால் விண்மீன் மண்டலங்கள் பிரிந்து, விண்மீன்கள் அணைந்து, எல்லாம் குளிரும். அதன் அடர்த்தி ஏறிக்கொண்டே போனால்தான் கிழிசல் வரும். 2025-ல் டெசி என்ற ஆய்வு, பிற தரவுகளோடு சேர்த்துப் பார்த்து, இருள் ஆற்றல் அண்மைக் காலத்தில் பலவீனமாகிறது என்ற சாயலைக் காட்டியது. இன்னும் உறுதியாகவில்லை, ஆனால் உறுதியானால் கிழிசலுக்கு இடம் குறையும். சுருங்கி நொறுங்க, அந்த ஆற்றல் பலவீனமானால் மட்டும் போதாது, இழுவிசையாகவே மாற வேண்டும். அதற்குச் சான்று இல்லை.

துணைக்கேள்வி: அப்படியானால் நம் சூரியனும் ஒருநாள் இப்படி வெடிக்குமா சார்?

வெடிக்காது. சுமார் 500 கோடி ஆண்டுகளில் வீங்கி, பிறகு வெண்குள்ளனாகச் சுருங்கும். அப்போது மிஞ்சுவது இன்றைய எடையில் ஏறக்குறையப் பாதி. 1.4 மடங்கு எங்கே, இது எங்கே! வாயு கொடுக்கத் துணை விண்மீனும் கிடையாது.