சார்ட்டை அனுப்பாமலே சார்ட்டைச் சொல்வது எப்படி?



2024 டிசம்பர் கடைசி வாரம்னு வச்சுக்குங்க. நீங்க ஆபீஸ் பஸ்ல இருக்கீங்க. ஃப்ரெண்ட் போன் பண்றார்: "மச்சி, நிஃப்டி சார்ட் பார்த்தியா? மலை உச்சியிலிருந்து உருண்ட மாதிரி இருக்கு. எஸ்.ஐ.பி.யை நிறுத்திடலாமா?"

உங்க கையில சார்ட் இல்லை. அவர் சொன்னதில் ஒரு எண்ணும் இல்லை, ஒரு தேதியும் இல்லை. "உருண்டுச்சு" என்ற ஒரு வார்த்தையை வச்சு, மாசம் ஐயாயிரம் ரூபாய் முதலீட்டைப் பத்தி முடிவு எடுக்க முடியுமா? முடியாது. ஒரு லைன் சார்ட்டை வார்த்தையில் சரியா சொல்லத் தெரிஞ்சா, அந்தப் படம் இல்லாமலே அதைப் பத்திப் பேசலாம். நிஃப்டி 50-ன் 2019 முடிவிலிருந்து 2024 முடிவு வரையான ஐந்து வருஷத்தையே உதாரணமா எடுத்துக்கலாம், வாங்க.

முதல்ல, இது எந்தக் கோடு?

ஏறுதா இறங்குதான்னு சொல்றதுக்கு முன்னாடி, கோடு எதை வச்சு வரைஞ்சதுன்னு சொல்லணும். இதைத்தான் பெரும்பாலும் எல்லாரும் விட்டுடறாங்க.

நிஃப்டி 2019 கடைசியில் 12,168. 2020 கடைசியில் 13,981. வருஷத்துக்கு ஒரு புள்ளி மட்டும் வச்சுக் கோடு போட்டா, 2020 ஒரு அமைதியான ஏற்றமா தெரியும், சுமார் 15%. ஆனா அதே 2020-ல், மார்ச் 23-ம் தேதி நிஃப்டி 7,610-ல் முடிஞ்சது. அதாவது வருஷத் தொடக்கத்திலிருந்து 37% சரிவு. தினசரி சார்ட்டில் இது ஒரு ஆழமான பள்ளம். வருடாந்திர சார்ட்டில் அப்படி ஒரு பள்ளமே கிடையாது. ரெண்டு சார்ட்டும் பொய் சொல்லலை. ஒண்ணு எல்லா நாளையும் காட்டுது, இன்னொண்ணு வருஷக் கடைசியை மட்டும் காட்டுது.

அதனால முதல் வாக்கியத்திலேயே இதைச் சொல்லிடுங்க: எந்த இண்டெக்ஸ், எந்த தேதியிலிருந்து எந்த தேதி வரை, தினசரியா மாதாந்திரமா, அன்றைய முடிவு விலையா இல்லை இடையில் தொட்ட விலையா. உதாரணமா, 2020 மார்ச் 24 அன்று வர்த்தகத்துக்கு நடுவே நிஃப்டி 7,511 வரை இறங்கிச்சு. ஒருத்தர் 7,610-ங்கறார், இன்னொருத்தர் 7,511-ங்கறார்னா, ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றாங்க. வேற வேற அளவைச் சொல்றாங்க, அவ்வளவுதான்.

அடுத்து, இடது பக்கத்து அச்சு

உங்க ஃப்ரெண்டுக்கு ஏன் "உருண்ட மாதிரி" தெரிஞ்சது? 2024 செப்டம்பர் 26-ல் நிஃப்டி 26,216-ல் முடிஞ்சது. டிசம்பர் கடைசியில் 23,645. இறக்கம் 2,571 புள்ளி.

அவர் பார்த்த சார்ட்டில் இடது பக்க அச்சு 23,000-ல் ஆரம்பிச்சு 26,500-ல் முடியுதுன்னு வைங்க. மொத்த உயரமே 3,500 புள்ளிதான். அதில் 2,571 புள்ளி இறங்கினா, கோடு படத்தின் உயரத்தில் முக்கால் பங்கு கீழே வந்துடும். அதே இறக்கத்தை, பூஜ்ஜியத்தில் தொடங்கி 27,000 வரை போற அச்சில் போட்டா, உயரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இறங்காது. பணம் ஒண்ணுதான், படம் வேற.

சரிவு எவ்வளவு செங்குத்தா இருக்குங்கறது படத்தின் குணம். சரிவு எத்தனை சதவீதம்ங்கறது உங்க பணத்தின் குணம். அதனால "செங்குத்தா விழுந்துச்சு"ன்னு சொல்லாதீங்க. "26,216-லிருந்து 23,645, மூணு மாசத்தில் சுமார் 10% குறைவு"ன்னு சொல்லுங்க. இங்கே புள்ளியை மட்டும் சொன்னாலும் ஏமாந்துடுவோம். 2020 தொடக்கத்து சரிவு 4,558 புள்ளி, 2024-ல் 2,571 புள்ளி. கேட்டா, இது அதில் பாதிக்கு மேல்னு தோணும். சதவீதத்தில் 37-க்கு எதிரே 10, அதாவது கால்வாசிக்குக் கொஞ்சம் மேல.

இப்போ முழு கோட்டையும் சொல்லிப் பார்க்கலாம்

தொடக்கம், முடிவு, நடுவில் கோடு திரும்பின இடங்கள் — இவ்வளவு போதும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் சொல்ல ஆரம்பிச்சா கேட்கறவர் தூங்கிடுவார். ஐந்து வருஷக் கோட்டுக்கு நாலு திருப்பம் சரியா இருக்கும்:

"இது நிஃப்டி 50, தினசரி முடிவு மதிப்பு, 2019 கடைசியிலிருந்து 2024 கடைசி வரை. தொடக்கம் 12,168, முடிவு 23,645. மொத்தம் 94% ஏற்றம், கூட்டு வளர்ச்சியில் வருஷத்துக்கு சுமார் 14%. ஆனா நேர்கோடு இல்லை. முதல் மூணு மாசத்துக்குள் 7,610-க்கு விழுந்தது, 37% இறக்கம். நவம்பர் 2020-ல் பழைய அளவைத் தாண்டி, 2021 அக்டோபர் 18-ல் 18,477-ஐ எட்டியது. அங்கிருந்து எட்டு மாசம் ஏறி இறங்கி, 2022 ஜூன் 17-ல் 15,293, உச்சத்திலிருந்து 17% குறைவு. அதன்பிறகு ரெண்டேகால் வருஷத்தில் 71% ஏறி 26,216. கடைசி மூணு மாசத்தில் 10% இறக்கம்."

இதைப் போனில் சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். கேட்கறவர் பேப்பரில் சுமாரா வரைஞ்சே காட்டிடலாம். அதுதான் உங்க விளக்கம் சரியான்னு பார்க்கற டெஸ்ட். அவர் வரையும்போது "எங்கே திரும்பணும்?"னு கேட்டா, ஒரு தேதியோ மதிப்போ விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

இன்னொரு விஷயம் கவனிங்க. 37% விழுந்ததை மீட்க 37% ஏறினா போதாது. 7,610-லிருந்து 12,168-க்குத் திரும்ப 60% ஏறணும். அதனால இறக்கத்தையும் ஏற்றத்தையும் சொல்லும்போது, எந்த எண்ணிலிருந்து கணக்கு போடறீங்கன்னு கூடவே சொல்லுங்க.

காரணத்தைத் தனியா வைங்க

2020 மார்ச் சரிவு கொரோனாவும் ஊரடங்கும் வந்த நேரம். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா "கோடு இறங்கிச்சு" என்பது சார்ட்டில் இருப்பது, "அதனால இறங்கிச்சு" என்பது நாம சேர்ப்பது. ரெண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தா, கேட்கறவர் உங்க கருத்தையும் டேட்டான்னு எடுத்துக்குவார். முதல்ல கோட்டைச் சொல்லி முடிங்க, பிறகு "என் கருத்து"ன்னு ஆரம்பிங்க. "இனி ஏறும்" என்பதும் அப்படித்தான், அது சார்ட்டில் இல்லவே இல்லை.

அதே மாதிரி, சார்ட்டில் வராததையும் ஒரு வரியில் சொல்லிடுங்க. சாதாரண நிஃப்டி கோட்டில் டிவிடெண்ட் சேராது. உங்க ஃபண்டின் வருமானத்தை அதோட ஒப்பிடும்போது இது முக்கியம்.

இப்போ ஃப்ரெண்டோட கேள்விக்கு வாங்க. "உருண்டுச்சு, நிறுத்தலாமா?" என்பது, "ஐந்து வருஷத்தில் 37%, 17% இறக்கங்களைப் பார்த்த ஒரு கோட்டில், இப்போ 10% இறக்கம். என் பணம் எனக்கு எத்தனை வருஷம் கழிச்சுத் தேவை?" என்ற கேள்வியா மாறிடுது. இதுக்குப் பதில் சார்ட்டில் கிடையாது, அவரோட தேவையில இருக்கு. ஆனா இப்போதான் அவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கறார்.