பெட்டிக்குள் 53 டிகிரி: எந்த சுவிட்ச் தாங்கும்?

காத்தோங்கில் உங்கள் வீட்டு இணையக் கருவிக்குப் பக்கத்தில், நான்கைந்து கம்பிகள் செருகிய சின்னப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கலாம். அதுதான் பிணைய சுவிட்ச். விளக்குப் போடும் சுவிட்சோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு கருவி அனுப்பும் தகவல் யாருக்குப் போக வேண்டும் என்று பார்த்து, அவருக்குரிய துளை வழியாக மட்டும் அனுப்பி வைப்பதே இதன் வேலை. அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரிப்பவர் செய்யும் வேலைதான் இது.

காத்தோங்கிலிருந்து வடக்கே ஊபி, காக்கி புக்கிட் பக்கம் போனால் கார் பழுதுபார்க்கும் இடங்களும் உலோகப் பட்டறைகளும் வரிசையாக இருக்கும். இப்போது அத்தகைய பட்டறைகளிலும் இயந்திரங்களைக் கம்பி வழியாகக் கணினியோடு இணைக்கிறார்கள். இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவி, அதன் திரை, அலுவலகக் கணினி மூன்றும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு சுவிட்ச் வேண்டும். வீட்டில் இருக்கும் அதே பெட்டியை அங்கே வைத்தால் என்ன?

முதல் பகை தூசி. சாணை பிடிக்கும் இடத்தில் பறப்பது வெறும் மண் தூசி அல்ல, மெல்லிய இரும்புப் பொடி. இரும்பு மின்சாரத்தைக் கடத்தும். சுவிட்சின் மின்சுற்றுப் பலகையில் அடுத்தடுத்துள்ள இரண்டு ஊசிமுனைகளுக்கு நடுவே அது படிந்தால், இல்லாத இணைப்பு ஒன்று உண்டாகிவிடும். நம் ஊரின் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தப் பொடி துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

தொழிற்சாலைக்கென்று விற்கும் சுவிட்ச் தூசியைத் தானே தடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் விவரத் தாளைப் பாருங்கள். பெரும்பாலும் IP30 என்று இருக்கும். முதல் இலக்கம் திடப்பொருள்கள் உள்ளே போவதைப் பற்றியது. 3 என்றால் 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடிமனான பொருள் நுழையாது என்பதுதான் பொருள். இரும்புப் பொடி தாராளமாக நுழையும். 5 என்றால் கெடுதல் செய்யும் அளவுக்குத் தூசி போகாது. 6 என்றால் தூசி அறவே போகாது. ஆகவே தூசியைத் தடுப்பது சுவிட்ச் அல்ல. அதைச் சுற்றி வைக்கும் எஃகுப் பெட்டிதான். IP54 அல்லது IP65 என்று குறித்த, ரப்பர் விளிம்புள்ள கதவு கொண்ட பெட்டி வேண்டும்.

பெட்டியை மூடியதும் இரண்டாவது பகை பிறக்கிறது. தூசி போக வழியில்லாத பெட்டியிலிருந்து சூடான காற்று வெளியேறவும் வழியில்லை. வெப்பம் எஃகுச் சுவர் வழியாக மட்டுமே போக வேண்டும். எவ்வளவு சூடாகும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

600 மில்லிமீட்டர் உயரம், 600 அகலம், 250 ஆழம் கொண்ட பெட்டி ஒன்று சுவரில் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். சுவரோடு ஒட்டிய பின்பக்கத்தை விட்டுவிட்டால், காற்றுபடும் பரப்பு 0.36 + 4 × 0.15 = 0.96 சதுர மீட்டர். வண்ணம் பூசிய எஃகுத் தகடு, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 5.5 வாட் வெப்பத்தை வெளியே விடும். உள்ளே உள்ள மின்வழங்கி, கட்டுப்பாட்டுக் கருவி, மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் சேர்ந்து 80 வாட் வெப்பம் உண்டாக்கினால்:

```
80 ÷ (5.5 × 0.96) ≈ 15
```

பெட்டியின் உட்புறம் வெளியைவிட 15 டிகிரி அதிகம். 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. அப்படி ஒரு நாளில் தகரக் கூரையின் கீழ், இயந்திரங்களுக்கு நடுவே 38 டிகிரி இருந்தால் பெட்டிக்குள் 53. வீட்டு சுவிட்ச் பெரும்பாலும் 0 முதல் 40 டிகிரி வரைக்குத்தான் செய்யப்படுகிறது. தொழிற்சாலை வகையில் 60 டிகிரி வரை தாங்குபவை, 75 வரை தாங்குபவை என்று இரண்டு தரம் பரவலாகக் கிடைக்கும். 53க்கு 60 போதும் என்று தோன்றும். ஆனால் நம் கணக்கு பெட்டியின் சராசரி வெப்பம். மேல்பகுதி அதைவிடச் சூடு. நான் 75 தரத்தையே எடுப்பேன், சுவிட்சைப் பெட்டியின் கீழ்ப்பாதியில் பொருத்தச் சொல்வேன்.

விசிறி வைத்தால் தீராதா? மூடிய பெட்டிக்குள் விசிறி அதே சூடான காற்றைத்தான் சுற்றிவிடும். அதோடு, சுழலும் பாகம் தேய்ந்துபோகும்; கதவு திறந்தபோது புகுந்த பொடியையும் இழுத்துப் பலகை மேல் கொட்டும். அதனால்தான் இவ்வகை சுவிட்ச் விசிறி இல்லாமல் வருகிறது. சிப்பின் வெப்பம் வரிவரியான உலோக உடலுக்குக் கடந்து, அங்கிருந்து காற்றுக்குப் போகிறது. சூடான காற்று மேலே எழ, குளிர்ந்த காற்று கீழிருந்து வருகிறது. நீங்கள் படித்த வெப்பச்சலனம்தான்.

இது நடக்க சுவிட்ச் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்கு உதவுவது டின் ரெயில். ஜெர்மனியின் தர நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமே ‘டின்’. பெட்டியின் பின்தகட்டில் கிடைமட்டமாகத் திருகிய 35 மில்லிமீட்டர் அகலப் பட்டை அது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் தொப்பி போல் தெரியும். சுவிட்சின் முதுகிலுள்ள கொக்கியை மேல் விளிம்பில் மாட்டிக் கீழே அழுத்தினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். நிமிர்ந்து நிற்பதால் தூசியும் மேல் பரப்பில் போர்வையாகத் தங்காது. இடம் மிச்சமென்று பக்கத்துக் கருவியோடு நெருக்கி மாட்டினால் இந்தப் பயன் எல்லாம் போய்விடும். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

இனி மின்சாரம். இத்தகைய பெட்டிகளில் பொதுவாக 24 வோல்ட் நேர்மின்சாரம் ஓடும். அதே கம்பியில் ஒரு பெரிய வால்வோ சிறு மோட்டாரோ தொடங்கும் நொடியில் மின்னழுத்தம் 16 வோல்ட்டுக்கு இறங்கலாம். 12 முதல் 48 வோல்ட் வரை ஏற்கும் சுவிட்ச் அப்போதும் அணையாது. அதன் உள்ளே உள்ள மாற்றி, வரும் அழுத்தம் எதுவானாலும் சிப்புக்குத் தேவையான சிறிய அழுத்தத்தை மாறாமல் தரும். 6 வாட் எடுக்கும் சுவிட்ச் 24 வோல்ட்டில் 0.25 ஆம்பியர் இழுத்தால், 16 வோல்ட்டில் சுமார் 0.38 ஆம்பியர் இழுக்கும். கம்பியும் உருகியும் அதைத் தாங்க வேண்டும். இந்த விரிந்த வரம்பு நேர்மின்சாரத்துக்கு மட்டுமே. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அங்கே கொடுத்தால் சுவிட்ச் கருகிவிடும்.

பல சுவிட்சுகளில் மின்சாரத்துக்கு இரண்டு வாயில்கள் உண்டு, ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்க. இரண்டையும் ஒரே மின்வழங்கியில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு! அந்த வழங்கி நின்றால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பழுது வந்தால் காரணத்தை நேரமும் விளக்குகளும் சொல்லிவிடும். காலையில் ஒழுங்காக ஓடிப் பிற்பகல் இரண்டு மணிக்கு இணைப்பு அறுந்து, மாலையில் தானாகச் சரியானால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். குறிப்பிட்ட மோட்டார் தொடங்கும்போதெல்லாம் எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்து மறுபடி எரிந்தால் மின்னழுத்தம் இறங்குகிறது. ஒரே ஒரு துளையின் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் சுவிட்சை மாற்ற அவசரப்பட வேண்டாம். முதலில் அந்தக் கம்பியைக் கழற்றி, துளைக்குள் பொடி படிந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி போட்டு வைத்தால் அங்கே பொடி சேராது.