ஒரு விகிதம் தெரிந்தால் மற்ற ஐந்தும் கையில்

தம்பி தங்கைகளே, படிவம் 5 எட் மேத்ஸ்-இல் வரும் இந்தக் கேள்வியைப் பாருங்கள்:

cos θ = −2/3, 180° < θ < 270°. கால்குலேட்டர் இல்லாமல் மற்ற ஐந்து விகிதங்களையும் கண்டுபிடி.

நான் படித்த காலத்தில் "கால்குலேட்டர் இல்லாமல்" என்பதைக் கண்டுக்கவே மாட்டேன். cos⁻¹ தட்டினால் 131.81° வரும். அதற்கு sin போட்டால் 0.745. "சரி, முடிஞ்சது" என்று எழுதிவிட்டு வந்தேன். அந்த விடையில் இரண்டு தப்பு. 0.745 துல்லியமான விடை இல்லை, தோராயம்தான். அதைவிடப் பெரிய தப்பு, 131.81° இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது. கேள்வி கேட்பதோ மூன்றாம் கால்பகுதி. (பள்ளியில் குவாட்ரண்ட், சுக்குவான் என்கிறோமே, அதுதான்.) cos⁻¹ எப்போதும் 0° முதல் 180° வரையுள்ள கோணத்தைத்தான் தரும். நம்ம கேள்வியில் உள்ள கால்பகுதி அதற்குத் தெரியாது. அதனால் குறி மாறிப்போச்சு.

சரியான வழிக்கு ஒரு சின்னப் படம் போதும். x, y அச்சுகளை வரையுங்கள். மூன்றாம் கால்பகுதியில், அதாவது இடது கீழ்ப்பக்கம், மையத்திலிருந்து ஒரு கோடு இழுங்கள். கோட்டின் முனையிலிருந்து x அச்சுக்குச் செங்குத்துக்கோடு போடுங்கள். செங்கோண முக்கோணம் வந்துவிட்டது. செங்குத்துக்கோட்டை y அச்சுக்குப் போட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் x அச்சோடு உள்ள கோணம் முக்கோணத்துக்கு வெளியே போய்விடும், sin-உம் cos-உம் இடம் மாறிவிடும்.

இப்போது பக்கங்களுக்கு எண் போடலாம். cos என்றால் x ÷ கர்ணம். கர்ணம் என்பது மையத்திலிருந்து உள்ள தூரம். தூரத்துக்கு மைனஸ் கிடையாது. ஆகவே −2/3-இல் உள்ள மைனஸ் முழுக்க x-க்குத்தான் சொந்தம்: x = −2, கர்ணம் = 3. பைதாகரஸ் தேற்றப்படி,

y² = 3² − (−2)² = 9 − 4 = 5

y என்பது √5-ஆகவும் இருக்கலாம், −√5-ஆகவும் இருக்கலாம். பைதாகரஸ் இதை முடிவு செய்யாது, கால்பகுதிதான் முடிவு செய்யும். நம்ம கோடு x அச்சுக்குக் கீழே இருக்கிறது, அதனால் y = −√5. கேள்வியில் கால்பகுதியைக் கொடுத்திருப்பதே இதற்காகத்தான்.

மூன்று எண்களையும் படத்திலேயே குறித்துவிட்டால், மிச்சம் வெறும் வாசிப்பு:

sin θ = y/கர்ணம் = −√5/3
tan θ = y/x = (−√5)/(−2) = √5/2
cosec θ = −3/√5
sec θ = −3/2
cot θ = 2/√5

கடைசி மூன்றும் sin, cos, tan-ஐத் தலைகீழாக்கியவை. தலைகீழாக்கினால் குறி மாறாது. மாறியிருந்தால் எங்கேயோ பிழை என்று அர்த்தம்.

விடையைச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். sin² θ + cos² θ = 5/9 + 4/9 = 1. சரியாக இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனை எண்ணை மட்டும்தான் பார்க்கும். வர்க்கமாக்கும்போது மைனஸ் மறைந்துவிடுவதால் குறித் தப்பை இது காட்டாது. குறிக்குப் படத்தைத்தான் திரும்பப் பார்க்கணும்.

tan கொடுத்தால்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். tan θ = 5/12, அதே மூன்றாம் கால்பகுதி என்று வைத்துக்கொள்வோம். விகிதத்தில் மைனஸே இல்லை என்பதால் y = 5, x = 12 என்று போட்டுவிடுவார்கள். அது முதல் கால்பகுதி ஆயிற்றே! இங்கே y = −5, x = −12. வகுக்கும்போது இரண்டு மைனஸும் அடிபட்டதால்தான் 5/12 வந்தது. கர்ணம் √(25 + 144) = 13. ஆகவே sin θ = −5/13, cos θ = −12/13.

எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தாலும் பயப்பட வேண்டாம். cos θ = −p (p நேர் எண், 1-ஐவிடச் சிறியது), மூன்றாம் கால்பகுதி என்றால், x = −p, கர்ணம் = 1, y = −√(1 − p²). ஆகவே sin θ = −√(1 − p²), tan θ = √(1 − p²)/p. அதே படம், அதே படிகள்.

இப்போது நீங்கள் ஒன்று போட்டுப் பாருங்கள்: cosec θ = 4, 90° < θ < 180°. முதலில் அதை sin ஆக்குங்கள், பிறகு படம் போடுங்கள். tan θ = −1/√15 வந்தால் உங்கள் படம் சரி. மைனஸ் இல்லாமல் வந்தால் கணக்கைத் திரும்பப் போடாதீர்கள், x எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.